பவுண்டில் கட்டணம், ரூபாயில் பணம்: மூன்று தவணைகளின் கணக்கு

கேள்வி: என் மகள் வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பில் சேர்கிறாள். ஆண்டுக் கட்டணம் 18,000 பவுண்டு. மொத்தமாகக் கட்டலாம், அல்லது செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல் என்று மூன்று சம தவணைகளாகக் கட்டலாம் என்கிறார்கள். பாதி எங்கள் சேமிப்பு, பாதி கல்விக் கடன். பவுண்டு விலை குறையும் என்று காத்திருந்து தவணையில் கட்டினால் மொத்தச் செலவு குறையுமா?

பதில்: வங்கியொன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தக் கணக்கில் சில பகுதிகள் உறுதியானவை. அவற்றைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பகுதி மட்டும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த ஒரு பகுதியைப் பற்றியே இரவு பகலாகக் கவலைப்பட்டு, கையில் இருக்கும் உறுதியான கணக்கைப் போடாமல் விட்டுவிடுகின்றன. அதனால்தான் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. மூன்று தவணைகளும் பவுண்டில் சமமாக இருப்பதால், ஆண்டு முடிவில் உங்களுக்கு விழும் விலை அந்த மூன்று நாள்களின் விலைகளுடைய நேர் சராசரிதான். செப்டம்பர் தவணையை எப்படியும் கட்டியாக வேண்டும். அதன் விலை இரு வழிகளிலும் ஒன்றே. ஆகவே நீங்கள் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது மீதி 12,000 பவுண்டைப் பற்றி மட்டுமே. அந்த 12,000 பவுண்டில், பவுண்டின் விலை ஒரு ரூபாய் ஏறினால் 12,000 ரூபாய் கூடும், ஒரு ரூபாய் இறங்கினால் அதே அளவு குறையும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், தினமும் கைப்பேசியில் விலையைப் பார்த்துப் பதறுவது பாதியாகக் குறையும்.

இனி, நடந்து முடிந்த இரண்டு கல்வியாண்டுகளை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் நடுவில் ஒரு பவுண்டு சுமார் 92 ரூபாய். அந்த மாதம் 23ஆம் தேதி பிரிட்டிஷ் அரசு பெரிய வரிக் குறைப்புகளை அறிவித்தது; 26ஆம் தேதி பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவு, சுமார் 1.03 டாலர் வரை, சரிந்தது. ரூபாயில் அது 90க்கும் கீழே போனது. பவுண்டும் டாலரும் சமமாகிவிடும் என்று அப்போது எல்லாப் பக்கமும் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சை நம்பி, 'இன்னும் இறங்கட்டும்' என்று மீதியை நிறுத்தி வைத்தவர்களுக்கு ஜனவரியில் சுமார் 100 ரூபாயும், ஏப்ரலில் சுமார் 102 ரூபாயும் காத்திருந்தன. உங்கள் 18,000 பவுண்டை அந்த விலைகளில் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் மொத்தமாகக் கட்டியிருந்தால் 16 லட்சத்து 56 ஆயிரம். மூன்று தவணையில் கட்டியிருந்தால் 17 லட்சத்து 64 ஆயிரம். தவணையால் வந்த கூடுதல் செலவு 1 லட்சத்து 8 ஆயிரம்.

அதற்கு ஆறு ஆண்டு முன்னால் நடந்தது இதற்கு நேர் எதிர். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று பிரிட்டிஷ் மக்கள் வாக்களித்த பிறகு பவுண்டு தளர்ந்துகொண்டே வந்தது. செப்டம்பரில் சுமார் 88 ரூபாய், அடுத்த ஜனவரியில் சுமார் 84, ஏப்ரலில் சுமார் 82. மொத்தமாகக் கட்டியவருக்கு 15 லட்சத்து 84 ஆயிரம், தவணையில் கட்டியவருக்கு 15 லட்சத்து 24 ஆயிரம். இங்கே தவணை 60 ஆயிரத்தை மிச்சப்படுத்தியது. இரண்டு ஆண்டுகளிலும் தவணைத் தேதிகள் ஒன்றே. பல்கலைக்கழகத்தின் விதிகளும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். மாறியது விலை மட்டும். இரண்டு ஆண்டுகளிலும் செப்டம்பரில் நின்றுகொண்டு, அடுத்த ஏப்ரலைச் சொல்லக்கூடிய அடையாளம் எதுவும் இருக்கவில்லை.

'ரூபாய் எப்போதும் சரிந்துகொண்டுதானே இருக்கிறது, அதனால் முன்கூட்டியே கட்டுவதுதான் புத்திசாலித்தனம்' என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். டாலருக்கு எதிராக, பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால், அது சரி. 2016இல் சுமார் 67 ரூபாயாக இருந்த டாலர் 2025 செப்டம்பரில் சுமார் 88 ஆனது. பவுண்டுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 2013 ஆகஸ்ட் இறுதியில் 100 ரூபாயைத் தாண்டியிருந்த பவுண்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2022 செப்டம்பரில் 90க்குக் கீழே வந்தது. பிறகு 2025 செப்டம்பரில் 119 வாக்கில் நின்றது. காரணம், பவுண்டின் ரூபாய் விலை என்பது இரண்டு விலைகளின் பெருக்கம்: ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர், ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய். இரண்டாவதில் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் திடீர் ஏற்ற இறக்கங்களைத் தணிக்கிறது. முதலாவது உலகச் சந்தையில் தடையின்றி ஆடுவது. லண்டன் அரசியலும் அமெரிக்க வட்டி விகிதமும் அதை இழுக்கின்றன. இரண்டும் ஒரே திசையில் நகர்ந்த ஆண்டுகளில் ரூபாய் விலை மிக வேகமாக ஏறுகிறது. 2025 அப்படிப்பட்ட ஆண்டு. ஜனவரியில் சுமார் 106 ஆக இருந்தது எட்டே மாதத்தில் 119 வாக்கில் வந்து நின்றது. ஆக, 'சரியும்' என்பதை ஒரு கல்வியாண்டின் ஏழு மாத அளவுக்குள் வைத்துச் சொல்வதற்கு அடிப்படை கிடையாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இங்கேதான் வட்டி வருகிறது. நீங்கள் இன்று கட்டாமல் வைத்திருக்கும் ரூபாய் சும்மா கிடப்பதில்லை. அது வைப்பில் இருந்தால் வட்டி சம்பாதிக்கிறது, கடனில் இருந்தால் உங்களுக்கு வட்டியை மிச்சப்படுத்துகிறது. எனவே பவுண்டு கொஞ்சம் ஏறினாலும் நீங்கள் நஷ்டப்படுவதில்லை. எந்த விலை வரை ஏறினால் இரு வழியும் சமம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அந்தச் சமவிலையைக் கணக்கிடுவது எளிது: இன்றைய விலையை எடுத்து, காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டியை அதன்மேல் ஏற்றுங்கள்.

எடுத்துக்காட்டாக, செப்டம்பரில் பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சேமிப்பு 6.5 சதவீத வட்டியில் வைப்பில் இருக்கிறது. நான்கு மாத வட்டி 2.17 சதவீதம் என்பதால், ஜனவரியின் சமவிலை சுமார் 122 ரூபாய் 60 காசு. ஏழு மாத வட்டி 3.8 சதவீதம் என்பதால், ஏப்ரலின் சமவிலை சுமார் 124 ரூபாய் 55 காசு. ஜனவரியில் பவுண்டு 122இல் இருந்தால், ஏறிவிட்டதே என்று நீங்கள் வருந்தத் தேவையில்லை; வட்டியைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் லாபத்தில்தான் இருக்கிறீர்கள். வைப்பு வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதால், உண்மையான சமவிலை இதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் ஏப்ரலுக்கு 123 ரூபாய் 65 காசு வாக்கில் வரும். வைப்பை முறிக்க வேண்டியிருந்தால் அதற்கான வட்டிக் குறைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடனில் இந்தக் கணக்கு உங்களுக்கு இன்னும் சாதகமாகத் திரும்புகிறது. வங்கி கடனை அனுமதிக்கும் நாளிலிருந்து வட்டி ஓடுவதில்லை. ஒவ்வொரு தவணையாகப் பணத்தை விடுவிக்கும் நாளிலிருந்து, விடுவித்த தொகைக்கு மட்டுமே ஓடுகிறது. வட்டி 10.5 சதவீதம் என்று கொண்டால், ஜனவரியின் சமவிலை 124 ரூபாய் 20 காசு. ஏப்ரலின் சமவிலை 127 ரூபாய் 35 காசு. ஏப்ரல் தவணையான 6,000 பவுண்டு, செப்டம்பர் விலையில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதை ஏழு மாதம் முன்பே எடுத்துக் கட்டினால் வட்டி மட்டும் 44,100 ரூபாய். பவுண்டு ஏழு மாதத்தில் 7 ரூபாய் 35 காசுக்கு மேல் ஏறினால்தான் அந்த வட்டியைக் கொடுத்தது சரியாகிறது. ஏறவே ஏறாது என்று சொல்ல மாட்டேன். 2022–23இல் இதே ஏழு மாதத்தில் சுமார் 11 சதவீதம் ஏறியதை மேலே பார்த்தோம். ஆனால் 44,100 ரூபாய் வட்டி உறுதியான செலவு, ஏற்றம் உறுதியற்றது.

இதிலிருந்து உங்கள் நிலைமைக்கு நேரடியாக ஒன்று கிடைக்கிறது. பாதி சேமிப்பு, பாதி கடன் என்றால், சேமிப்பை முதலில் செலவழியுங்கள். கடனைக் கடைசியில் எடுங்கள். செப்டம்பரின் 6,000 பவுண்டு முழுதும் சேமிப்பிலிருந்து, ஜனவரியில் 3,000 சேமிப்பிலிருந்தும் 3,000 கடனிலிருந்தும், ஏப்ரலின் 6,000 முழுதும் கடனிலிருந்து. வைப்பில் 6.5 சதவீதம் சம்பாதித்துக்கொண்டே கடனுக்கு 10.5 சதவீதம் கட்டுவதில் பொருளில்லை. பவுண்டு விலை எப்படி ஆடினாலும் இந்த வரிசை மட்டும் உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும். சில வங்கிகள் ஒவ்வொரு தவணையிலும் உங்கள் பங்கும் வங்கியின் பங்கும் ஒரே விகிதத்தில் போக வேண்டும் என்று கேட்கும். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மேலாளரிடம் இதைப் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடனில் ஒரு பள்ளமும் இருக்கிறது. இதில் விழுந்த பெற்றோர்களை மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். கடன் பவுண்டில் அல்ல, ரூபாயில் அனுமதிக்கப்படுகிறது. 9,000 பவுண்டுக்கு, 120 ரூபாய் விலையில் 10 லட்சத்து 80 ஆயிரம் என்று அனுமதி வாங்கியிருப்பீர்கள். கடன் பகுதியைக் கட்டும்போது சராசரி விலை 128 ஆகியிருந்தால் தேவை 11 லட்சத்து 52 ஆயிரம். மீதி 72 ஆயிரத்துக்கு வங்கி பொறுப்பல்ல. அனுமதித் தொகையை உயர்த்தக் கேட்டால் புதிதாக விண்ணப்பம், மதிப்பீடு என்று வாரக்கணக்கில் இழுக்கும், ஏப்ரல் தவணையின் கடைசித் தேதியோ நெருங்கிவிடும். எனவே கடன் கேட்கும்போதே, அன்றைய விலையில் அல்லாமல் அதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டிக் கணக்கிட்டுக் கேளுங்கள். எடுக்காத தொகைக்கு வட்டி கிடையாது என்பதால், பெரும்பாலும் இதனால் உங்களுக்குச் செலவில்லை.

இதுவரை சொன்னது காலத்தைப் பற்றியது. அதைவிட உறுதியாக உங்கள் பணத்தைத் தின்னக்கூடிய இன்னொன்று, வங்கி உங்களுக்குப் போடும் விலை. இணையத்தில் நீங்கள் பார்க்கும் 120 ரூபாய், வங்கிகளுக்கிடையிலான சந்தையின் நடு விலை. உங்களுக்கு விற்கும்போது வங்கி அதன்மேல் தன் லாபத்தை ஏற்றி, TT செல்லிங் ரேட் என்ற பெயரில் வேறு விலை சொல்லும். ஒரு வங்கி 120 ரூபாய் 60 காசு என்றும், அதே நேரத்தில் மற்றொரு வங்கி 121 ரூபாய் 80 காசு என்றும் சொல்வது சாதாரணம். 18,000 பவுண்டில் இந்த 1 ரூபாய் 20 காசு வித்தியாசம் 21,600 ரூபாய். இதற்காக எந்த மாதமும் காத்திருக்க வேண்டாம். ஒரே காலைப்பொழுதில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் போதும். கேட்கும்போது 'ரேட் என்ன, சார்ஜ் என்ன' என்று தனித்தனியாகக் கேட்காமல், '6,000 பவுண்டு முழுதாகப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேர, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் கழியும்' என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள். பல்கலைக்கழகம் சொல்லும் கட்டண இணையதளத்தின் ரூபாய்த் தொகையையும் இதே வரிசையில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய தொகையாக இருந்தால், பலகை விலைக்குப் பதில் தலைமை அலுவலகத்திடமிருந்து தனி விலை வாங்கித் தரும்படி கிளை மேலாளரைக் கேட்கலாம். 18,000 பவுண்டுக்குக் கிடைக்கும் தனி விலை 6,000 பவுண்டுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பது தவணையின் பக்கம் ஏற்ற வேண்டிய ஒரு செலவு.

தவணையால் கூடும் மற்ற உறுதியான செலவுகள் சிறியவை. அந்நியச் செலாவணி மாற்றத்துக்கான ஜிஎஸ்டி, 21 லட்சத்து 60 ஆயிரத்தை ஒரே முறையில் மாற்றினால் சுமார் 1,200 ரூபாய், மூன்றாகப் பிரித்தால் சுமார் 2,200 ரூபாய். அனுப்பும் கட்டணம் மூன்று முறை. மொத்தத் தொகையின் முன் இவை பெரிதல்ல. ஆனால் மொத்தமாகக் கட்டுவோருக்குப் பல்கலைக்கழகம் தள்ளுபடி தருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எல்லா இடங்களிலும் கிடையாது; இருந்து, அது 2 சதவீதம் என்றால்கூட 360 பவுண்டு. வைப்புப் பணத்தின் நான்கு மாத, ஏழு மாத வட்டியை அது ஏறக்குறைய முழுதாக ஈடுகட்டிவிடும். கடன் பணத்துக்கு ஈடுகட்டாது.

மூலத்தில் பிடிக்கும் டிசிஎஸ் வரியைப் பற்றிச் சுருக்கமாக: 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் சொந்தப் பணத்துக்குத்தான் இது உண்டு; வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேரே போகும் தொகைக்குக் கிடையாது. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்பதால், இது செலவு அல்ல, சில மாதங்கள் முடங்கும் பணம். நிதியாண்டு ஏப்ரல் 1இல் புதிதாகத் தொடங்குவதால், ஏப்ரல் தவணை புதிய வரம்பில் சேரும். உங்கள் சொந்தப் பங்கு 10 லட்சத்தை ஒட்டியே இருப்பதால் இது உங்கள் முடிவை மாற்றாது.

பணம் கட்டாத நிலையிலும் செலாவணி விலை உங்களைத் தொடும் ஓர் இடம், விசா. முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பகுதியும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ரூபாய் இருப்பைப் பவுண்டாக மாற்றிப் பார்க்க, விண்ணப்பிக்கும் நாளில் ஓஆண்டா இணையதளத்தில் உள்ள விலையைத்தான் பிரிட்டிஷ் உள்துறை எடுத்துக்கொள்கிறது. 28 நாள்களுக்கு முன் சரியாக இருந்த தொகை, இடையில் ரூபாய் சரிந்தால், விண்ணப்ப நாளில் சில பவுண்டு குறைந்துபோகலாம். அது விண்ணப்பம் நிராகரிக்கப்படப் போதுமான காரணம். தவணை வழியைத் தேர்ந்தால் காட்ட வேண்டிய இருப்பு அதிகம் என்பதால், அதன்மேல் ஐந்து சதவீதமாவது கூடுதலாக வைத்திருங்கள்.

கடைசியாக, இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்வது என்பது. முன்பேரம், அதாவது எதிர்கால விலையை இன்றே உறுதி செய்யும் ஒப்பந்தம், தனிநபருக்கும் விதிப்படி உண்டு. ஆனால் சில ஆயிரம் பவுண்டுக்கு அதைச் செய்து தரும் கிளையைக் கண்டுபிடிப்பது கடினம். கிடைத்தாலும், அதன் விலை இரு நாட்டு வட்டி வித்தியாசத்தைக் கொண்டு வருவதுதான். வங்கி எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் விலை என்று அதை எண்ண வேண்டாம். நடைமுறையில் கைகொடுப்பது வேறு. மாணவரின் கட்டணக் கணக்கில் தேதிக்கு முன்பே பகுதித் தொகை கட்டப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஜனவரியின் சேமிப்புப் பங்கான 3,000 பவுண்டை அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மாதம் 1,000 வீதம் அனுப்பலாம். இதனால் சராசரியாகச் செலவு குறையும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஒரே மோசமான நாளில் முழுத் தொகையும் மாட்டிக்கொள்ளும் ஆபத்துதான் குறையும். ஒவ்வொரு முறையும் அனுப்பும் கட்டணம் போகும் என்பதால் இதற்கு மேல் சிறிதாக்க வேண்டாம். கடன் பங்கை இப்படி முன்கூட்டி எடுக்கவும் வேண்டாம்.

எப்படிக் கட்டினாலும், கடைசித் தேதிக்கு ஐந்து வேலை நாள்கள் முன்னதாகப் பணத்தை அனுப்பிவிடுங்கள். விலை இறங்கும் என்று கடைசி நாள் வரை காத்திருந்து, வார விடுமுறையோ லண்டனில் வங்கி விடுமுறையோ குறுக்கிட்டு, தாமதக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. படிவத்தில் வங்கிகளின் அனுப்பும் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் OUR என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இடையில் உள்ள வங்கி பத்து, இருபது பவுண்டைக் கழித்துக்கொள்ளும். உங்கள் மகளின் கணக்கில் தவணை பாக்கி என்றே காட்டும்.